பத்துப் புள்ளி ஏழும் இருபது புள்ளி மூன்றும்: மட்டக்களப்பு வறுமைக் கணக்கின் கதை

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமான படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று மக்கள் இட்ட பெயர்கள். மண்முனையில் பாலம் வந்தது 2014 இல்தான். அதற்கு முன்னர் கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்கள் 'பாதை' என்று அவ்வூரார் சொல்லும் மிதவையில் ஏறியே வாவியைக் கடந்தார்கள். இந்த மாவட்டத்தைப் பற்றிய எந்தப் புள்ளிவிபரத்தைக் கண்டாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி, கணக்கெடுத்தவர் வாவியைக் கடந்தாரா என்பதே.

அண்மைக் காலமாக ஆய்வு முடிவுகள் நம்மிடம் புத்தகமாக வருவதில்லை. கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அட்டை வரிசையாக வருகின்றன. 'கரோசல்' என்கிறார்கள். அட்டைக்கு ஒரு செய்தி, பெரிய எழுத்தில் ஓர் எண், கீழே ஒரு வரி. இன்ஸ்டகிராம் 2017 இல் ஒரே பதிவில் பத்துப் படங்கள் வரை இடலாம் என்றது. 2024 இல் அதை இருபதாக்கியது. வடிவம் புதிது போலத் தோன்றினாலும் எண்ணம் பழையது. 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் டு போய்ஸ் என்ற கறுப்பின அறிஞரும் அவருடைய அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்க்கைக் கணக்கை ஏறத்தாழ அறுபது தாள்களில் கையால் வரைந்து வைத்தார்கள். ஒரு தாளுக்கு ஒரு பொருள். ஆனால் கண்காட்சிக்கு வந்தவர் அத்தாள்களை ஒரே இடத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பார்த்தார். இன்றைய அட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. யாரோ ஒருவர் மூன்றாவது அட்டையை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேரும்போது அதனுடன் பிறந்த மற்ற அட்டைகள் எதுவும் கூடப் போவதில்லை.

இதைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. மட்டக்களப்பின் வறுமைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை குடும்ப வருமான, செலவின ஆய்வை நடத்துகிறது. அதன்படி வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தவர்களின் வீதம் மட்டக்களப்பு மாவட்டத்தில் 2006/07 இல் 10.7, 2009/10 இல் 20.3, 2012/13 இல் 19.4, 2016 இல் 11.3. அதே ஆண்டுகளில் நாட்டின் வீதம் 15.2, 8.9, 6.7, 4.1 என்று இறங்கிக்கொண்டே வந்தது.

இந்த நான்கு எண்களை அட்டையாக்கச் சொன்னால் அவசரக்காரர் என்ன செய்வார்? முதல் அட்டை: 'மட்டக்களப்பில் வறுமை இரட்டிப்பானது.' இரண்டாவது: 'பின்னர் குறையத் தொடங்கியது.' மூன்றாவது: 'பாதியாகியது.' பார்க்க அழகாக இருக்கும். இம்மூன்றில் நிற்கக்கூடியது மூன்றாவது மட்டுமே. அதையும் 'பாதி' என்ற சொல்லை நீக்கி எழுத வேண்டும்.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்; அது எளிது. 20.3 இலிருந்து 19.4 க்கு இறங்கியது ஒரு புள்ளிக்கும் குறைவு. இந்த ஆய்வு எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. 2012/13 இல் நாடு முழுவதற்கும் தெரிந்தெடுத்தவை 25,000 வீடுகள். 2,500 கணக்கெடுப்பு வட்டாரங்கள், வட்டாரத்துக்குப் பத்து வீடுகள். ஒரு மாவட்டத்துக்குக் கிடைப்பது சில நூறு வீடுகள்தான். அட்டையில் போட வேண்டிய சரியான எண் அறிக்கையின் மாவட்ட அட்டவணையில் இருக்கும். இங்கே விளக்கத்துக்காக 600 வீடுகள் என்று வைத்துக்கொள்கிறேன். அறுநூறு வீடுகளையும் தனித்தனியே குலுக்கலில் எடுத்திருந்தால் 19.4 என்ற விடை மேலும் கீழும் ஏறத்தாழ 3 புள்ளி அசையக்கூடியது. ஆனால் வீடுகள் பத்துப் பத்தாக ஒரே வட்டாரத்தில் எடுக்கப்படுகின்றன. ஓர் ஊரில் அயல்வீட்டார் நிலைமை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பத்து வீடு பார்த்தாலும் பத்து வீட்டுச் செய்தி கிடைப்பதில்லை. இதற்காகப் பிழையின் வர்க்கத்தை இரண்டால் பெருக்குவது ஒரு நடுத்தரமான ஏற்பாடு. அப்படிச் செய்தால் அசைவு 4.5 புள்ளியாகிறது. அதாவது உண்மை விடை 15 க்கும் 24 க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அந்த இடைவெளியில் 0.9 என்பது காற்றில் அசையும் வாவித் தண்ணீர். 'மாற்றம் தெரியவில்லை' என்று அட்டையில் எழுதுவதே நேர்மை. எந்த ஆசிரியரும் அப்படி ஒரு தலைப்பை விரும்புவதில்லை என்பதை நாற்பது ஆண்டுச் செய்தியறை அனுபவத்தில் அறிவேன்.

மூன்றாவது அட்டைக்கு வருவோம். 19.4 இலிருந்து 11.3: வித்தியாசம் 8.1. அதே அறுநூறு வீட்டுக் கணக்கில் இரண்டு ஆய்வுகளின் பிழையையும் சேர்த்தால் அந்த வித்தியாசம் ஏறத்தாழ 5.7 புள்ளி மேலும் கீழும் அசையலாம். எட்டு அதைவிடப் பெரிது. ஆகவே குறைந்தது என்பது நிற்கும். எவ்வளவு குறைந்தது என்றால் இரண்டரைப் புள்ளியாகவும் இருக்கலாம், பதினாலாகவும் இருக்கலாம். 'பாதி' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. 'குறைந்தது' போதும்.

இன்னொரு வழுக்கல் இந்த அட்டையிலேயே உண்டு. இந்த வீதம் மக்களைப் பற்றியது, குடும்பங்களைப் பற்றியது அல்ல. ஏழைக் குடும்பங்களில் பொதுவாக ஆட்கள் அதிகம், ஆகவே 19.4 வீத மக்கள் என்பதை 'ஐந்தில் ஒரு குடும்பம்' என்று எழுதினால் வேறொரு செய்தியாகிவிடும். எண்ணப்பட்டவை வீடுகள், வீதம் சொல்வது ஆட்களை. அட்டையின் அடிக்குறிப்பில் இரண்டும் வர வேண்டும்.

இனி முதல் அட்டை. 10.7 இலிருந்து 20.3 க்கு ஏறியது 9.6 புள்ளி. மேலே செய்த கணக்கை இங்கே போட்டால் தாராளமாகத் தேறிவிடும். கணக்கு மட்டும் தெரிந்தவர் 'வறுமை இரட்டிப்பானது' என்று துணிந்து எழுதலாம். ஆனால் அந்த முதல் எண் எப்போது எடுக்கப்பட்டது? 2006 ஜூலை முதல் 2007 ஜூன் வரை. மட்டக்களப்பு மக்களுக்கு அந்தப் பன்னிரண்டு மாதங்களை நினைவூட்டத் தேவையில்லை. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமானது. மார்ச்சில் போர் படுவான்கரைக்கு வந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வாவியைக் கடந்து எழுவான்கரையின் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள். தொப்பிகல வீழ்ந்தது ஜூலையில். ஆய்வு முடிந்த மறு மாதம்.

அந்த ஆண்டில் மட்டக்களப்பின் வறுமை 10.7, நாட்டின் வறுமை 15.2. போரின் நடுவில் இருந்த மாவட்டம் நாட்டின் சராசரியைவிட வசதியாக இருந்தது என்று இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. இப்படி ஓர் எண்ணைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். இந்த ஆய்வு வீடுகளைத் தெரிந்தெடுத்து, அங்கே குடியிருப்பவரிடம் என்ன உண்டார், என்ன செலவிட்டார் என்று கேட்பது. பூட்டிய வீடும் எரிந்த வீடும் பதில் சொல்வதில்லை. பாடசாலை மண்டபத்தில் பாயை விரித்திருப்பவர் வீட்டுப் பட்டியலில் இல்லை. போதாததற்கு 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இந்த மாவட்டத்தில் முழுமையாக நடக்கவே இல்லை. சுனாமிக்குப் பின் வந்த நிவாரணமும் சிலரது நுகர்வைத் தற்காலிகமாக உயர்த்தியிருக்கக்கூடும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த எண்ணிலேயே வழியில்லை.

அறுநூறு வீட்டுக்குப் பதிலாக ஆறாயிரம் வீட்டைப் பார்த்திருந்தாலும் இந்தக் குறை நீங்கியிராது. மாதிரியின் அளவு கூடினால் குலுக்கலின் பிழை சுருங்கும். பட்டியலில் இல்லாதவர்கள் பட்டியலில் வந்துவிட மாட்டார்கள். 1936 இல் அமெரிக்காவில் ஒரு வார இதழ் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகளைத் தபாலில் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவர் 48 மாநிலங்களில் 46 ஐ வென்றார். 'மாதிரி: இத்தனை வீடுகள்' என்ற வரி மட்டும் நேர்மையாகிவிடாது என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆகவே என் கையில் இந்த வேலை வந்தால் முதல் அட்டையை இப்படி எழுதுவேன்: '2009/10 இல் மட்டக்களப்பில் நூறு பேரில் ஏறத்தாழ இருபது பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழ்.' அதற்குக் கீழே, அதே அட்டையில்: 'மாவட்டத்தில் இத்தனை வீடுகளில் எடுத்த கணக்கு, உண்மை 16 க்கும் 25 க்கும் இடையில் இருக்கலாம். 2006/07 எண்ணுடன் ஒப்பிட வேண்டாம். அது போரின் போது, பலர் இடம்பெயர்ந்திருக்க எடுத்தது.' (16, 25 என்பவை என் அறுநூறு வீட்டுக் கணக்கின் விடை, அறிக்கையின் எண்ணைக் கொண்டு திரும்பப் போட வேண்டும்.) குறிப்பைக் கடைசி அட்டையில் தொகுத்துப் போடும் வழக்கம் இருக்கிறது. கடைசி அட்டை வரை தள்ளுகிறவர் சிலரே, அனுப்பப்படுவதும் அதுவல்ல. குறிப்பின் எழுத்தையும் கவனிக்க வேண்டும். 1080 புள்ளி அகல அட்டையில் முப்பதுக்குக் குறைந்த எழுத்தானால் கைப்பேசியில் தமிழின் கொம்பும் கொக்கியும் கலங்கிவிடும். படிக்க முடியாத குறிப்பு, இல்லாத குறிப்பு.

'படுவான்கரைக்கு மட்டும் ஓர் அட்டை போடுங்கள்' என்று கேட்பவர் நிச்சயம் இருப்பார். நியாயமான ஆசைதான். ஆனால் மாவட்டத்தில் பதினான்கு பிரதேச செயலாளர் பிரிவுகள். அறுநூறு வீட்டைப் பங்கிட்டால் பிரிவுக்கு நாற்பத்துச் சொச்சம், நான்கு வட்டாரங்கள். வவுணதீவில் நாற்பத்து மூன்று வீடுகளைப் பார்த்து 20 வீதம் என்று எழுதினால், அசைவு மேலும் கீழும் 17 புள்ளி. அதை வீதமாக எழுதவே கூடாது. பார்த்தவற்றில் இத்தனை வீடு என்று எண்ணிக்கையாகச் சொல்லலாம், அல்லது விட்டுவிடலாம். இதே காரணத்தால் 2016 இல் முல்லைத்தீவு 12.7, மட்டக்களப்பு 11.3, திருகோணமலை 10.0 என்று வரிசைப்படுத்தி 'மூன்றாம் இடம்' என்று அட்டை போடுவதிலும் பொருளில்லை.

2016 உடன் இந்த வரிசையை நிறுத்திவிட வேண்டும். 2019 ஆய்வின் நாட்டு வீதம் 14.3. வறுமைக் கோட்டையே 2012/13 விலைகளைக் கொண்டு திருத்தி, பின்னர் வெளியிட்ட எண் அது. 4.1 க்குப் பக்கத்தில் அதை வைத்தால் மூன்றே ஆண்டில் நாடு மூன்று மடங்கு ஏழையானதாகத் தெரியும். அளவுகோல் மாறியதுதான் அங்கே நடந்தது. அதற்குத் தனி அட்டை வரிசை வேண்டும், புதிய கோட்டின்படி பழைய ஆண்டுகளையும் திரும்பக் கணக்கிட்டு.