நிலையியல் வினா: ஏணியும் சமன்பாட்டுப் புள்ளிகளும்

இலங்கை உயர்தர இணைந்த கணிதத்தில், நிலையியல் வினாவின் விடையில் எழுதப்படும் சமன்பாடு ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி உண்டு. கடைசி விடை பிழைத்தாலும் அவை கிடைக்கும்.

நிறை W, நீளம் 2a கொண்ட சீரான ஏணி, ஒப்பமான சுவரில் சாய்ந்து கரடான தரையுடன் 60° ஆக்குகிறது என்க. முதலில் ஏணியைத் தனியே வரைந்து, அதன்மீது தாக்கும் விசைகளை மட்டும் குறிக்க வேண்டும்: நடுவில் W, அடியில் மறுதாக்கம் R, உராய்வு F, உச்சியில் சுவரின் மறுதாக்கம் S. ஒப்பமான சுவரில் உராய்வைக் குறித்தால் பின்வரும் சமன்பாடுகளும் கெடும்.

R = W
F = S
S·2a sin60° = W·a cos60°

மூன்றாவது, அடியைப் பற்றிய திருப்பம். அங்கே R, F இரண்டும் விலகுவதால் S நேரே 0.289W எனக் கிடைக்கிறது. வேறொரு புள்ளியைப் பற்றித் திருப்பம் எடுத்தால் புதிய தகவல் எதுவும் வராது. திருப்பங்களைக் கூட்டும் இம்முறைக்கு அடிப்படையான தேற்றம், பாரிஸில் கற்பித்த பியர் வரிஞோனின் (1654–1722) பெயரால் வழங்குகிறது.

பலர் இழக்கும் புள்ளி, F = μR என்று எழுதுவதால் போகிறது. ஏணி வழுக்கும் தறுவாயில் மட்டுமே அது செல்லும். மற்ற வேளைகளில் F ≤ μR என்றே எழுத வேண்டும். ஆகவே இந்த ஏணி நிற்க μ குறைந்தது 0.289 ஆக இருக்க வேண்டும்.