ஹங், ஹேங்டு

'ஹேங்' என்ற ஆங்கில வினைக்குப் பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் இரண்டு: ஹங், ஹேங்டு. பழைய ஆங்கிலத்தில் தொங்கவிடுதலுக்கும் தொங்குதலுக்கும் தனித்தனி வினைகள் இருந்தன. அவற்றோடு பழைய நார்ஸ் வினை ஒன்றும் கலந்து ஒரே சொல்லானது. 16ஆம் நூற்றாண்டில் 'ஹங்' பரவியபோதும், தூக்குத் தண்டனை விதிக்கும் சட்டமொழி 'ஹேங்டு' என்பதை விடவில்லை.

ஆகவே செயப்பாட்டு வாக்கியத்தைச் சரிபார்க்கும்போது முதலில் எழுவாயைப் பாருங்கள். சுவரில் மாட்டிய படம் என்றால் 'வாஸ் ஹங்'. தூக்கிலிடப்பட்ட கைதி என்றால் 'வாஸ் ஹேங்டு'. பேச்சில் கைதிக்கும் 'ஹங்' வருவதுண்டு; எழுத்தில் 'ஹேங்டு' என்பதே பாதுகாப்பு.

அடுத்தது 'பை'. 'ரவியால் மாட்டப்பட்டது', 'கம்பியால் மாட்டப்பட்டது' என இரண்டுக்கும் தமிழில் 'ஆல்' உருபுதான். அதனால் நாம் கம்பிக்கும் 'பை' போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் செய்தவருக்கு 'பை', கருவிக்கு 'வித்'. ஐயம் வந்தால் வாக்கியத்தைச் செய்வினையாகத் திருப்பிப் பாருங்கள். 'ரவி படத்தை மாட்டினான்' என்பது நிற்கும். 'கம்பி படத்தை மாட்டியது' என்பது நிற்காது. நிற்கும் பெயருக்கே 'பை' உரியது. செய்தவர் யாரென்பது வெளிப்படை என்றால் அதுவும் வேண்டாம்: கைதி வாக்கியத்தில் தூக்கிலிட்டவரைச் சொல்லத் தேவையில்லை.