மெட்டா தொடர்புப்போக்கு

ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளின் முடிவுகள் தற்செயலால் விளக்க முடியாத அளவுக்கு வேறுபடும்போது, அந்த வேறுபாட்டை ஆய்வுகளின் பண்பு ஒன்றோடு இணைத்துப் பார்க்கும் புள்ளியியல் முறை. ஒவ்வோர் ஆய்வும் ஒரு புள்ளி. துல்லியமான ஆய்வுக்கு எடை கூடுதல்.

காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியின் 13 சோதனைகள் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. கனடாவில் நல்ல பாதுகாப்பு. செங்கல்பட்டில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. சோதனை நடந்த இடத்தின் அட்சரேகையைச் சேர்த்ததும், சோதனைகளுக்கிடையிலான மாறுபாட்டில் சுமார் நான்கில் மூன்று பங்கு விளங்கியது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகும் ஒவ்வொரு பாகைக்கும் நோய் இடர் விகிதம் ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது.

ஆனால் அட்சரேகை நோயைத் தடுப்பதில்லை. வெப்பநாட்டு மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களுக்கு அது பதிலியாக நிற்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். சோதனைகளை ஒப்பிடும் இக்கணக்கு தனிமனிதரைப் பற்றி எதையும் நிறுவாது.

ஆய்வுகள் குறைந்தால் ஆபத்து கூடும். ஒரு பண்புக்குக் குறைந்தது 10 ஆய்வுகள் என்பது வழக்கமான அளவுகோல். 13 சோதனைகள் ஒரே பண்பைத்தான் தாங்கும். பலவற்றை மாற்றி மாற்றிச் சோதித்தால் ஏதேனும் ஒன்று தற்செயலாகப் பொருந்திவிடும். எனவே பண்பை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நாப்–ஹார்ட்டுங் திருத்தம் நம்பக இடைவெளியை உரிய அளவுக்கு அகலமாக்கும். ஓர் ஆய்வை நீக்கியதும் கோட்டின் சாய்வு தலைகீழானால், அந்தக் கோட்டை நம்பக் கூடாது.