தாத்தா பாட்டியுடன் வெளிநாடு செல்லும் குழந்தைக்கான பெற்றோர் ஒப்புதல் கடிதம்

பெற்றோர் உடன் வராமல் ஒரு குழந்தை தாத்தா பாட்டியுடன் வேறு நாட்டுக்குப் போகும்போது, அந்தப் பயணம் தங்களுக்குத் தெரிந்து, தங்கள் சம்மதத்துடன் நடக்கிறது என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடிதம் ஒப்புதல் கடிதம் எனப்படும். இதன் விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழ்கிற, கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்வருகிற கனடாவின் நடைமுறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கனடாவில் இந்தக் கடிதம் சட்டப்படி கட்டாயம் அல்ல. ஆனால் பெற்றோர் இருவரும் உடன் இல்லாமல் வெளிநாடு செல்லும் எந்தக் குழந்தையும் இதை வைத்திருக்க வேண்டும் என்று கனடிய அரசு வற்புறுத்திப் பரிந்துரைக்கிறது. மாதிரிப் படிவம் ஒன்றையும் தருகிறது. கட்டாயமில்லை என்பதை வைத்து இதைத் தவிர்ப்பது தவறான கணக்கு. கேட்கும் அதிகாரம் கனடாவிடம் மட்டும் இல்லை. விமான நிறுவனத்தின் கவுண்டரில் கேட்கலாம், இடைவழி நாட்டில் கேட்கலாம், போய் இறங்கும் நாட்டின் குடிவரவு அலுவலர் கேட்கலாம், திரும்பி வரும்போது கனடிய எல்லை அலுவலரும் கேட்கலாம். எங்கே கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. கேட்ட இடத்தில் கடிதம் இல்லையென்றால் விசாரணை நீளும், விமானத்தையே தவறவிடவும் நேரும்.

அலுவலர்களின் கவலைக்குக் காரணம் உண்டு. மணமுறிவுச் சண்டையில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவது உலகெங்கும் நடக்கிறது. அதற்குச் சில சமயம் உறவினரே துணைபோகிறார்கள். அப்படிக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்பச் செய்வதற்கென 1980இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. கனடா அதில் உள்ளது. இலங்கை 2001இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. ஆகவே இந்தியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தையை மீட்க அந்த உடன்படிக்கையின் வழி திறந்திருப்பதில்லை. பாட்டியின் கையைப் பிடித்து நிற்கும் குழந்தையிடம் அலுவலர் “அம்மா அப்பா எங்கே?” என்று கேட்பது இந்தப் பின்னணியில்தான்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்பது எளிது. டொராண்டோவில் பிறந்த எட்டு வயதுச் சிறுமி. அவளைப் பார்க்க வந்திருந்த அம்மாவின் பெற்றோர் திருச்சிக்குத் திரும்புகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு அவளையும் அழைத்துப் போகிறார்கள். விமானம் பிராங்பர்ட் வழியாகச் சென்னை போகிறது. கடிதத்தில் முதலில் குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், கடவுச்சீட்டு எண் ஆகியவை வரும். அடுத்து தாத்தா பாட்டி இருவரின் பெயர், கடவுச்சீட்டு விவரம், குழந்தைக்கு என்ன உறவு என்பவை. பிறகு புறப்படும் நாள், திரும்பும் நாள், செல்லும் நாடு, தங்கும் வீட்டின் முழு முகவரி. கடைசியில் பெற்றோரின் முகவரி, எந்நேரமும் எடுக்கும் தொலைபேசி எண், கையெழுத்து. தாத்தா பாட்டியில் ஒருவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அவர் நோய்வாய்ப்பட்டு மற்றவர் தனியே குழந்தையுடன் திரும்ப நேர்ந்தால் கடிதம் பயன்படாமல் போகலாம். இருவரையும் குறிப்பிட்டு, “சேர்ந்தோ தனித்தனியாகவோ” என்று எழுதுவது நல்லது.

தமிழ்க் குடும்பங்களுக்கு உண்மையான சிக்கல் பெயர்களில் இருக்கிறது. மேற்படிச் சிறுமியின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அவள் அப்பாவின் பெயர் இருக்கும். அம்மாவின் கடவுச்சீட்டில் அதே இடத்தில் தாத்தாவின் பெயர் இருக்கும். தாத்தாவின் கடவுச்சீட்டிலோ அவருடைய அப்பா பெயர். ஆக மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப்பெயர்கள். நமக்கு இயல்பான இந்த ஏற்பாடு, குடும்பப்பெயரை வைத்தே உறவைக் கணிக்கப் பழகிய அலுவலருக்கு யாரோ மூவரைப் போலத் தோன்றும். “இவர் என் தந்தை” என்று கடிதத்தில் எழுதினால் மட்டும் போதாது. அதை நிறுவும் தாள்கள் சங்கிலிபோல் ஒன்றையொன்று தொட வேண்டும்.

அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். ஒண்டாரியோவில் பலரிடம் இருக்கும் சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இராது. பெற்றோர் விவரம் அடங்கிய சான்றிதழையோ பிறப்புப் பதிவின் சான்றுப் பிரதியையோ தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். பயணம் முடிவானதும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுவே. இரண்டாவது கண்ணி அம்மாவை அவர் தந்தையோடு இணைப்பது. இந்தியக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தாய் தந்தை பெயர் அச்சாகியிருந்தால் அதன் நகல் போதும். அம்மா கனடியக் குடியுரிமை பெற்றுவிட்டால் அவருடைய புதிய கடவுச்சீட்டில் அந்த விவரம் இருக்காது. அப்போது ரத்து செய்யப்பட்ட பழைய இந்தியக் கடவுச்சீட்டோ அவருடைய பிறப்புச் சான்றிதழோ உதவும். முதலெழுத்தை விரித்ததாலோ திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றியதாலோ ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடலாம்.

கையெழுத்தை வீட்டிலேயே போட்டு எடுத்துச்செல்லக் கூடாது. நோட்டரி (ஈழத்தமிழர் வழக்கில் நொத்தாரிசு), வழக்கறிஞர், சத்தியப்பிரமாண ஆணையர் ஆகியோரில் ஒருவர் முன்னிலையில் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்திட்டு, அவருடைய சான்றொப்பத்தையும் முத்திரையையும் பெறுவதே பரிந்துரைக்கப்படும் முறை. பெற்றோர் இருவரும் ஒரே ஊரில் இல்லாவிட்டால் தனித்தனிக் கடிதங்கள் எழுதலாம். எடுத்துச்செல்ல வேண்டியது அசல்; கைப்பேசியில் உள்ள படம் அதற்கு ஈடாகாது.

பெற்றோர் பிரிந்திருந்தால், குழந்தை பற்றிய முக்கிய முடிவுகளை எடுக்கும் சட்ட உரிமை யாருக்கு என்பதைப் பார்க்க வேண்டும்; அந்த உரிமையுள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவருக்கு மட்டுமே உரிமை என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் அந்த ஆணையின் நகலையும், ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழின் நகலையும் சேர்க்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆணையிலேயே நிபந்தனை இருக்கலாம் என்பதால் அதை முழுதும் படித்துப் பார்ப்பது அவசியம்.

பிரான்சில் நிலைமை வேறு. அங்கு 2017 ஜனவரி 15 முதல், பிரான்சில் வாழும் குழந்தை பெற்றோர் யாரும் உடனில்லாமல் நாட்டை விட்டு வெளியேற அரசின் படிவத்தில் ஒப்புதல் கட்டாயம். தாத்தா பாட்டி உடன் போனாலும் விலக்கு இல்லை. ஆனால் பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட்டாலே போதும், நோட்டரி தேவையில்லை. கையெழுத்திட்டவரின் அடையாள ஆவண நகலுடன் அசல் படிவத்தைக் குழந்தை வைத்திருக்க வேண்டும். அது அதிகபட்சம் ஓராண்டு செல்லும்.

மீண்டும் கனடாவுக்கு வந்தால், ஒப்புதல் கடிதம் பாதுகாவலர் உரிமையைத் தாத்தா பாட்டிக்கு மாற்றித் தருவதில்லை. குழந்தையின் கனடியக் கடவுச்சீட்டு திருச்சியில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 16 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் விண்ணப்பிக்க முடியும். கடிதத்தைக் காட்டித் தாத்தா புதிய கடவுச்சீட்டு வாங்க முடியாது. மருத்துவமும் அப்படித்தான். பயணத்துக்குக் கொடுத்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதமாகிவிடாது. அவசரச் சிகிச்சைக்குத் தாத்தா பாட்டி ஒப்புதல் தரலாம் என்று தனிக் கடிதம் எழுதி, குழந்தையின் ஒவ்வாமை, வழக்கமான மருந்து, காப்பீட்டு எண் ஆகியவற்றையும் குறித்து, அதையும் அதே நாளில் அதே நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்றுக்கொள்ளலாம்.