பே ஸ்லிப்பில் சம்பளம் ஏன் குறைந்தது? சரியான பிடித்தம் எது, தவறு எது?

"இந்த மாசம் ஏன் கம்மியா வந்திருக்கு?" என்ற கேள்வியோடு பே ஸ்லிப்பை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் தி.நகர் கடைகளில் நிறைய பேர். செப்டம்பர், மார்ச் மாதங்களில் இந்தக் கேள்வி வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் தொழில் வரியாக இருக்கும். ஆனால் குறைந்த தொகை முழுக்க அதனால்தானா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு மொத்தச் சம்பளம் ரூ.18,000. இதில் பி.எஃப். கணக்கிடப்படும் அடிப்படைச் சம்பளம் ரூ.12,000.

வழக்கமாக என்ன பிடிப்பார்கள்?

பி.எஃப். 12 சதவீதம், அதாவது ரூ.1,440. இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது ரூ.135. இவை போக மாதாமாதம் கைக்கு ரூ.16,425 வரும்.

ஆனால் செப்டம்பரில் வந்தது ரூ.13,580 மட்டுமே. ரூ.2,845 குறைவு. அந்த ஸ்லிப்பில் தொழில் வரி ரூ.1,250, சம்பளமில்லா விடுப்பு 2 நாள், இதர பிடித்தம் ரூ.500 என்று இருக்கிறது.

தொழில் வரி ரூ.1,250 சரியா?

சரிதான். சென்னை மாநகராட்சிக்கு இந்த வரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு வருமானம் ரூ.75,000-ஐத் தாண்டினால் வரி ரூ.1,250. இவருக்கு ஆறு மாத வருமானம் ரூ.1 லட்சத்துக்கு மேல்.

ஒருவரிடம் ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் வரம்பு. அதனால் ஒரே அரையாண்டில் ரூ.1,250 இரண்டு முறை பிடித்திருந்தால் அது தவறு. நடுவில் வேலை மாறியவர்களுக்கு இப்படி நடக்கலாம். பழைய கடை பிடித்ததற்கான ஸ்லிப்பைப் புதிய கடையில் காட்டுங்கள்.

விடுப்புக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

ஸ்லிப்பின் மேல் பகுதியில் வேலை செய்த நாட்கள் இருக்கும். அதை வருகைப் பதிவோடு ஒப்பிடுங்கள். இவர் லீவு எடுத்தது ஒரே ஒரு நாள். ஆனால் 2 நாள் பிடித்திருக்கிறார்கள். 30 நாள் கணக்கில் ஒரு நாளுக்கு ரூ.600.

ஒரு நாள் மட்டும் பிடித்திருந்தால் மொத்தச் சம்பளம் ரூ.17,400. அதற்கேற்ப பி.எஃப். ரூ.1,392, இ.எஸ்.ஐ. ரூ.131 என்று குறையும். தொழில் வரியும் போக, கைக்கு ரூ.14,627 வந்திருக்க வேண்டும். வந்தது ரூ.13,580. ஆக, கேட்க வேண்டிய தொகை ரூ.2,845 அல்ல, ரூ.1,047தான்.

'இதர பிடித்தம்' என்றால்?

காரணம் எழுதாத இந்த வரியைக் கட்டாயம் கேளுங்கள். முன்பு வாங்கிய தீபாவளி அட்வான்ஸ் தவணையாக இருந்தால் பிரச்சினை இல்லை. அபராதம் என்றால் நிபந்தனை உண்டு. அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தை அது தாண்டக் கூடாது. எதற்கெல்லாம் அபராதம் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், ஊழியர் விளக்கம் சொல்லவும் வாய்ப்பு தர வேண்டும். இங்கே ரூ.500 அந்த 3 சதவீதத்துக்குள் வருகிறது. ஆனால் காரணமே சொல்லாமல் பிடித்தது கேள்விக்குரியது.

பி.எஃப்.பில் கவனிக்க வேண்டியது

உங்கள் பங்கு 12 சதவீதம் மட்டுமே. முதலாளியின் பங்கையும் சேர்த்து 24 சதவீதம் சம்பளத்தில் பிடிப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். முதலாளி தர வேண்டிய 3.25 சதவீதத்தை உங்களிடம் வாங்கக் கூடாது.

ஸ்லிப்பில் பிடித்தது கணக்கில் ஏறியதா என்பது தனிக் கேள்வி. உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து அந்த மாதத் தொகையைப் பாருங்கள். பிடித்த பணத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஏறாமல் இருந்தால் அது வெறும் கணக்குப் பிழை அல்ல.

யாரிடம் கேட்பது?

முதலில் கடையின் கணக்குப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். "சம்பளம் கம்மி" என்று பொதுவாகச் சொல்லாமல், "செப்டம்பரில் ஒரு நாள் லீவுக்கு 2 நாள் பிடித்தம், ரூ.500-க்குக் காரணம் இல்லை" என்று குறிப்பிடுங்கள். போன மாத ஸ்லிப்பையும் இணையுங்கள். பதில் இல்லையென்றால், சம்பளப் பிடித்தத்துக்குத் தொழிலாளர் துறையிலும், பி.எஃப். பணம் ஏறாததற்கு ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்திலும் புகார் தரலாம்.

ஸ்லிப்பை யாருக்காவது போட்டோவாக அனுப்பும்போது வங்கிக் கணக்கு எண்ணையும் பி.எஃப். எண்ணையும் மறைத்துவிடுங்கள். வேலை நாட்கள் இருக்கும் மேல் பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது இல்லாமல் யாராலும் கணக்குப் பார்க்க முடியாது.