பேர்க்லண்டும் துருவ ஒளியும்

துருவ ஒளி எதனால் உண்டாகிறது என்று கேட்டால், சூரியனிலிருந்து வரும் துணிக்கைகள் வளிமண்டலத்தில் மோதுவதால் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் அறுபது வருஷத்து வழக்கு ஒன்று கிடக்கிறது. தமிழ் படித்த எனக்கு விடையைவிட அந்த வழக்கின் கதைதான் பிடித்துப்போனது.

நோர்வே நாட்டு பௌதிகவியலாளர் கிறிஸ்டியன் பேர்க்லண்ட் கண்ணாடிப் பெட்டியொன்றில் சிறிய உலோகப் பந்தைத் தொங்கவிட்டார். பந்துக்குள்ளே மின்காந்தம். அதுதான் அவருடைய பூமி. பெட்டியின் காற்றை வெளியேற்றி, பந்தை நோக்கி இலத்திரன்களைப் பாய்ச்சினார். காந்தம் வேலை செய்யத் தொடங்கியதும் பந்தின் இரு துருவங்களையும் சுற்றி ஒளிவளையங்கள் தோன்றின. துருவ ஒளி துருவத்தின் உச்சியிலே அல்ல, அதைச் சுற்றிய வளையத்திலேதான் அதிகம் தெரியும் என்பதற்கு இது பொருந்தி வந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. 1902–03 குளிர்காலத்தில் வட நோர்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பேர்கன், நோவயா செம்லியா ஆகிய நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் காந்த அளவீடு எடுக்கச் செய்தார். துருவ ஒளி தோன்றும்போது திசைகாட்டி ஊசி ஏன் அலைகிறது? விண்வெளியிலிருந்து காந்தக் கோடுகள் வழியே மின்னோட்டம் கீழிறங்கி, ஒளி தெரியும் உயரத்தில் கிடையாக ஓடி, திரும்ப மேலே போகிறது என்று 1908இல் எழுதினார்.

எதிர்ப்பு சும்மா வரவில்லை. ஒரே ஏற்றமுள்ள இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுமே, சூரியனிலிருந்து இவ்வளவு தூரம் கற்றையாக எப்படி வந்து சேரும் என்று ஆதர் ஷுஸ்டர் கேட்டார். நியாயமான கேள்விதானே? பின்னாளில் சிட்னி சப்மனும், மின்னோட்டம் முழுவதும் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்றார். இதிலே ஒரு சிக்கல்: தரையிலிருந்து எடுக்கும் காந்த அளவீட்டை மட்டும் வைத்து இருவரில் யார் சரியென்று தீர்க்க இயலாது.

ஆகவே மேலே போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1963இல் ஏவப்பட்ட அமெரிக்கச் செய்மதியொன்று சுமார் 1,100 கிலோமீற்றர் உயரத்தில் துருவ ஒளி வலயத்தைக் கடக்கும்போதெல்லாம் அதன் காந்தமானி குலுங்கியது. முதலில் அலைகள் என்றே நினைத்தார்கள். 1967இல்தான் அது பேர்க்லண்ட் சொன்ன மின்னோட்டம் என்று புரிந்தது. அவர் 1917இலேயே டோக்கியோவில் இறந்துபோயிருந்தார்.

ஷுஸ்டரின் கேள்விக்கும் விடை உண்டு. சூரியக் காற்றில் நேர் ஏற்றமும் மறை ஏற்றமும் சமமாகக் கலந்து வருவதால் அது சிதறுவதில்லை. ஆனால் அது பேர்க்லண்ட் முதலில் எண்ணியபடி நேரே துருவத்தில் இறங்குவதும் இல்லை. அதன் சக்தி பூமியின் இரவுப்பக்கத்தில் வால்போல் நீண்ட காந்தப்புலத்தில் சேர்ந்து, பிறகு விடுபடுகிறது. அப்போது முடுக்கப்படும் இலத்திரன்கள் காந்தக் கோடுகள் வழியே மெல்லிய தகடுகளாக இறங்குகின்றன. திரைச்சீலை வடிவம் அதனால்தான். ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு மேலே அவை ஒட்சிசன் அணுக்களில் மோத, பச்சை ஒளி பிறக்கிறது. சிவப்பு ஒளியை விட அதே அணுவுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் வேண்டும். கீழே காற்று அடர்த்தி. அதற்குள் வேறொன்று மோதி அணைத்துவிடும். அதனால் சிவப்பு திரையின் மேல்விளிம்பில் மட்டுமே தெரிகிறது.