பிழையும் ஐயப்பாடும்

கல்லூரி ஆய்வக நோட்டு ஒன்றில் ‘பிழை = ±4 நானோமீட்டர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், பிழை என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பிழைத்தல் என்றால் தவறுதல். அம்பு குறி பிழைத்தால் இலக்கானவர் உயிர் பிழைப்பார். அந்தத் தப்புதலிலிருந்துதான் வாழ்தலும் ‘பிழைப்பு’ம் கிளைத்தன என்று எனக்குப் படுகிறது. ஆக, குறி எதுவென்று தெரிந்தால்தான் பிழையைச் சொல்ல முடியும். மாணவர் செய்தது இது: மில்லிமீட்டருக்கு 300 கோடுகள் கொண்ட கீற்றணி வழியாக ஹீலியம்-நியான் லேசரைச் செலுத்தி, 100 சென்டிமீட்டர் தள்ளியிருந்த திரையில் இருபுறமும் விழுந்த முதல் புள்ளிகளுக்கு இடையே அளந்தார். 38.8 சென்டிமீட்டர். அதில் பாதி 19.4, கணக்குப்படி அலைநீளம் 635 நானோமீட்டர். புள்ளி சற்றுப் பரந்திருந்ததால் அந்தப் பாதியில் 0.1 சென்டிமீட்டர் முன்பின் ஆகலாம். அதனால் வருவது 3 நானோமீட்டர். திரையின் தூரத்தில் 0.3 சென்டிமீட்டர் ஆடினால் சுமார் 2. இரண்டும் தனித்தனிக் காரணங்கள் என்பதால் நேராகக் கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறக்குறைய 4. இது தவறு அல்ல, அளந்தவரின் நேர்மையான தயக்கம். இதற்கு ‘ஐயப்பாடு’ பொருந்தும். இந்த லேசரின் அறியப்பட்ட அலைநீளம் 632.8. அதிலிருந்து விலகிய 2 சொச்சம்தான் பிழை. ஐயப்பாட்டுக்குள் பிழை அடங்கிவிட்டது, அளவீடு பிழைத்துக்கொண்டது! நடுப்புள்ளியிலிருந்து இடமும் வலமும் சமமில்லாமல் இருந்தால் மட்டும், கீற்றணியோ திரையோ சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சாய்வை எத்தனை முறை அளந்தாலும் சராசரி போக்காது.